இன்டர்ன்ஷிப்பில் கண்ட சிக்கல் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆகும் வழி

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் எட்டாம் பருவத்தில் வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் அதற்கு 10 கிரெடிட் உண்டு. மாணவர்களில் பலர் அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே ஏதாவது ஒரு நிறுவனத்தில் நான்கு முதல் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருப்பார்கள். அங்கே கண்ட ஒரு சிக்கலையே ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொள்ள விரும்பும் மாணவர் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். பார்த்ததை, அளந்து விடை காணக்கூடிய ஒரு கேள்வியாக மாற்றுவது முதல் வேலை. அந்தக் கேள்விக்குத் தேவையான தகவலைப் பயன்படுத்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குவது அடுத்தது. இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எந்தப் பதிவேட்டைத் திறக்க நிறுவனம் சம்மதிக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் எந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பது முடிவாகும்.

அறிக்கை வேறு, ப்ராஜெக்ட் வேறு

இன்டர்ன்ஷிப் அறிக்கை, நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று விவரிக்கும். ஒரு ஃபவுண்டரியில் மணல் எப்படிக் கலக்கப்படுகிறது, அச்சு எப்படிக் கட்டப்படுகிறது, இரும்பு எப்படி உருக்கி ஊற்றப்படுகிறது என்று எழுதினால் அது நல்ல அறிக்கை. அதையே விரித்து எழுதி ப்ராஜெக்ட் என்று கொண்டுபோனால், முதல் ரிவ்யூவிலேயே "இதில் உங்கள் வேலை எது?" என்று கேட்பார்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு ஏற்ற கேள்வியை மூன்று சோதனைகளால் அடையாளம் காணலாம். அதன் விடை நிறுவனத்துக்கே இன்னும் உறுதியாகத் தெரியாததாக இருக்க வேண்டும். விடையைக் காட்டக்கூடிய ஓர் அளவு அங்கே ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது மாணவரே எளிதாக அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பருவத்துக்குள், உற்பத்தியை நிறுத்தாமல் முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "ஃபவுண்டரியில் ரிஜக்‌ஷனைக் குறைப்பது" என்ற தலைப்பு மூன்றாவது சோதனையில் விழுந்துவிடும். அது ஒரு தரக் கட்டுப்பாட்டுத் துறையே ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை.

ஒரு ஃபவுண்டரியில் தொடங்கும் கேள்வி

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிப்பாளர்களுக்கு வார்ப்பு செய்துகொடுக்கும் ஃபவுண்டரிகள் ஏராளம். அப்படிப்பட்ட ஒன்றில் தரப் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்யும் மெக்கானிக்கல் மாணவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பம்ப் உறைகள் ஈர மணல் அச்சில் ஊற்றப்படுகின்றன. கழித்து ஒதுக்கப்படும் உறைகளில் பெரும்பங்கு 'புளோ ஹோல்' எனப்படும் காற்றுக்குழியால் வருகிறது. மதிய ஷிஃப்ட்டில் அது கூடுதல் என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இதற்கு மணல் சார்ந்த ஒரு விளக்கம் உண்டு. அச்சை உடைத்து வார்ப்பை எடுத்த பிறகு அந்த மணலே திரும்பவும் மில்லுக்குப் போகிறது. இரவு முழுக்கக் கிடந்த மணல் காலையில் ஆறியிருக்கும். மதியத்துக்குள் அது இரண்டு மூன்று சுற்று வந்துவிடுவதால் சூடு தணிய நேரம் கிடைக்காது. திரும்பி வரும் மணல் சுமார் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஈரத்தைக் கட்டுக்குள் வைப்பது சிரமம். மில்லில் ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி அச்சு கட்டுமிடத்துக்குப் போவதற்குள் ஆவியாகிவிடும். அதை ஈடுகட்ட மில் இயக்குபவர் கூடுதலாகத் தண்ணீர் விடுவார். சூடான மணலிலிருந்து எழும் நீராவி, குளிர்ந்த கோர் மீது படிந்து மறுபடி நீராகும். உருகிய இரும்பு அதைத் தொட்டதும் ஆவி வெடித்துக் கிளம்பி, வெளியேற வழியில்லாமல் உலோகத்துக்குள்ளேயே குழியாக நின்றுவிடும்.

இந்த விளக்கம் பாடநூலில் இருப்பதுதான். ஆனால் இந்த ஃபவுண்டரியில், இந்த உறையில், மதிய ஷிஃப்ட்டின் குறைக்கு இதுதான் காரணமா என்பது பாடநூலில் இல்லை. "திரும்பி வரும் மணலின் வெப்பநிலைக்கும் பம்ப் உறையில் வரும் காற்றுக்குழிக்கும் தொடர்பு உண்டா? அச்சு கட்டுமிடத்திலேயே மணலைச் சோதித்துத் தண்ணீரைத் திருத்தினால் அது குறையுமா?" என்று கேட்டால் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

பதிவேட்டை வாசிப்பதில் உள்ள பொறி

கேள்வி கிடைத்ததும் மாணவர் முதலில் கேட்பது ரிஜக்‌ஷன் பதிவேட்டை. அதில் தேதி, பாகத்தின் எண், குறையின் பெயர், எண்ணிக்கை எல்லாம் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஷிஃப்ட் வாரியாகக் கூட்டினால் விடை தவறாகிவிடும். பதிவேட்டில் இருப்பது வார்ப்பைச் சோதித்த தேதி. ஊற்றிய தேதி அன்று. காற்றுக்குழி பெரும்பாலும் தோலுக்கு அடியில் மறைந்திருக்கும். மேற்பரப்பைச் சீவிக் கடையும்போதுதான், சில நாள் கழித்து, அது வெளியே தெரியும். திங்கள் மதியம் ஊற்றிய உறையின் குறை வியாழன் காலைக் கணக்கில் ஏறியிருக்கலாம்.

இதைச் சரிசெய்ய ஹீட் எண் உதவும். ஒவ்வொரு உருக்குக்கும் ஓர் எண் கொடுத்து, அதை வார்ப்பின் மேலேயே பதியும்படி அச்சில் வைப்பது வழக்கம். ரிஜக்‌ஷன் ஆன உறையில் உள்ள ஹீட் எண்ணை உருக்குப் பிரிவின் லாக் ஷீட்டோடு பொருத்தினால், அது எந்த நாள், எந்த நேரத்தில், எத்தனை டிகிரியில் ஊற்றப்பட்டது என்பது தெரிந்துவிடும். ஆகவே இந்தக் கேள்விக்கு ரிஜக்‌ஷன் பதிவேடு, லாக் ஷீட், மணல் பரிசோதனைப் பதிவேடு ஆகிய மூன்றும் வேண்டும். அனுமதிக் கடிதத்தில் "தகவல்கள்" என்று பொதுவாக எழுதாமல் இந்த மூன்றின் பெயரையும் எழுத வேண்டும்.

பொருத்திய பிறகு கணக்கு எப்படி இருக்கும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். ஒரு மாதத்தில் ஒரே வகை உறை 6000 ஊற்றப்படுகிறது. காலை 3000, மதியம் 3000. காற்றுக்குழியால் கழிந்தவை காலையில் 54, மதியத்தில் 114. அதாவது காலையில் 1.8 சதவீதம், மதியத்தில் 3.8 சதவீதம். இவ்வளவு எண்ணிக்கையில் இந்த அளவு வேறுபாடு தற்செயலாக வருவது மிக அரிது. தொழிலாளர்கள் சொன்னது உண்மை என்று இங்கே உறுதியாகிறது. காரணம் மணல்தான் என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. மதியத்தில் ஊற்றும் வெப்பநிலை குறைந்திருக்கலாம். கோர் நெடுநேரம் வெளியே கிடந்து ஈரம் பிடித்திருக்கலாம். அச்சு கட்டும் ஆள் மாறியிருக்கலாம். இவற்றையும் ஒவ்வொரு ஹீட்டோடு சேர்த்துப் பதிந்தால்தான் மணலின் பங்கைப் பிரித்துச் சொல்ல முடியும். காலையில் சிறிய உறையும் மதியத்தில் பெரிய உறையும் ஊற்றும் ஃபவுண்டரியில் இந்த ஒப்பீடே செல்லாது. அதனால்தான் ஒரே பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எத்தனை வார்ப்பு போதும்

மாணவர் ப்ராஜெக்ட்டுகளில் அடிக்கடி நேரும் பிழை, சோதனைக்கு எடுக்கும் எண்ணிக்கை போதாமல் போவது. தண்ணீர் அளவை மாற்றி 50 உறை ஊற்றி, ரிஜக்‌ஷன் குறைந்ததா என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு நாலு கழியும் இடத்தில் 50 உறைக்குச் சராசரியாக இரண்டுதான் கழியும். ஒருமுறை மூன்றும் இன்னொருமுறை ஒன்றும் வந்தால் அது மாற்றத்தின் விளைவா, தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. 3.8 சதவீதம் பாதியாகக் குறைந்ததா என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, பழைய முறையில் சுமார் 1200 உறையும் புதிய முறையில் சுமார் 1200 உறையும் வேண்டும்.

எடுத்துக்காட்டு ஃபவுண்டரியில் மதிய ஷிஃப்ட்டில் நாளுக்கு 120 உறை ஊற்றினால், பழைய முறைக்குப் பத்து நாள், புதிய முறைக்குப் பத்து நாள் போதும். முதல் பத்து நாள் பழைய முறை, அடுத்த பத்து நாள் புதிய முறை என்று வைப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுவது நல்லது. இடையில் மழை பெய்து காற்றின் ஈரம் கூடினாலும் இரண்டு முறைகளையும் அது ஒரேபோல் பாதிக்கும்.

இந்த இருபது நாளும் மணலின் நிலையை மணிக்கு ஒருமுறை அளப்பது மாணவரின் சொந்த வேலை. அதற்குரிய கருவிகள் பெரும்பாலான ஃபவுண்டரிகளின் மணல் ஆய்வகத்திலேயே இருக்கும். ஈரத்தை அளக்கும் கருவியில், நிறுத்தெடுத்த மணலைக் கால்சியம் கார்பைடு பொடியோடு சேர்த்து மூடிக் குலுக்குகிறார்கள். மணலில் உள்ள நீர் கார்பைடோடு வினைபுரிந்து அசிட்டிலீன் வாயுவை உண்டாக்கும். அதன் அழுத்தம் ஈரத்தின் சதவீதமாக டயலில் தெரியும். மணல் எந்த அளவுக்கு இறுகும் என்பதை அறிய, குழாயில் நிரப்பிய தளர்ந்த மணலை ரேமரால் மூன்று முறை இடித்து உயரம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் சில நிமிட வேலைதான். இவை தொடர்ச்சியாக மாறும் அளவுகள் என்பதால், ரிஜக்‌ஷன் எண்ணிக்கையில் தெளிவு கிடைக்காவிட்டாலும், மணலின் வெப்பநிலை கூடும்போது ஈரம் எப்படி மாறுகிறது என்பதைச் சில நாட்களிலேயே காட்டிவிடும். ப்ராஜெக்ட்டின் முடிவு முழுவதும் ஒரே எண்ணில் தொங்காமல் இருக்க இது வழி.

அனுமதி: யாரிடம், எப்போது, எதற்கு

அனுமதி கேட்க ஏற்ற நேரம் இன்டர்ன்ஷிப்பின் கடைசி வாரம். மாணவரை எல்லோருக்கும் தெரியும். கேள்வியும் புதிதாக இருக்கும். டிசம்பரில் போய்க் கேட்டால், அவரை அறிந்த மேலாளரே மாறிப்போயிருக்கலாம். கடைசி வாரத்தில் வாய்மொழிச் சம்மதம் பெற்று, கல்லூரியில் ஜீரோ ரிவ்யூவுக்கு முன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் மனிதவள அதிகாரி. பதிவேடுகளும் சோதனையும் அவர் பொறுப்பில் இல்லை. உற்பத்தித் தலைவரோ ஆலை மேலாளரோ, சிறிய ஃபவுண்டரியில் உரிமையாளரோதான் இதற்குச் சம்மதிக்க முடியும். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கல்லூரிக் கடிதத்தோடு போய், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு பதில் வாங்குவது முறை.

கடிதத்தில் சம்மதம் மூன்று படிகளுக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும். தகவலைப் பார்ப்பதற்கான சம்மதம் முதல் படி: எந்தப் பதிவேடுகள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, நகல் எடுக்கலாமா அல்லது அங்கேயே குறிப்பெடுக்க வேண்டுமா. அடுத்த படி சோதனை நடத்துவதற்கானது: எத்தனை நாள், எந்தப் பாகத்தில், குறை கூடினால் யார் சொல்லி நிறுத்துவது, கழிந்துபோகும் வார்ப்பின் செலவு யாருடையது. கடைசிப் படி வெளியிடுவதற்கானது: கல்லூரி நூலகத்தில் வைக்கும் ப்ராஜெக்ட் நூல், கருத்தரங்கு, ஆய்விதழ் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் உண்டா, நிறுவனத்தின் பெயரைப் போடலாமா. முதல் இரண்டுக்கும் தாராளமாகச் சம்மதிக்கும் நிறுவனம் மூன்றாவதில் தயங்குவது இயல்பு. மூன்றையும் ஒரே வரியில் "ப்ராஜெக்ட் செய்ய அனுமதிக்கிறோம்" என்று எழுதி வாங்கினால், பிற்பாடு கருத்தரங்குக் கட்டுரையின்போது தகராறு வரும்.

பல மாணவர்கள் கவனிக்காத ஒன்று அணி. ப்ராஜெக்ட்டை வழக்கமாக மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்கிறார்கள். இன்டர்ன்ஷிப் செய்தவர் ஒருவராகவே இருக்கலாம். அவர் கையெழுத்திட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தம் மற்றவர்களைக் கட்டாது. ஆலைக்குள் வரவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அணியினர் எல்லோருடைய பெயரும் கைடின் பெயரும் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். உருக்குக்கூடத்தில் நடமாடப் பாதுகாப்புக் காலணி, கண்ணாடி ஆகியவற்றை யார் தருவது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

வரைவை அச்சுக்குக் கொடுக்கும் முன் நிறுவனம் பார்க்க எத்தனை நாள் என்பதையும் கடிதத்திலேயே குறிப்பது நல்லது. பத்து வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், நூல் ஒப்படைக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வரைவை அனுப்பலாம். பதில் வராவிட்டால் நேரில் போய்க் கேட்க வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்ணை மறைத்து விடையைக் காட்டுவது

எத்தனை சதவீதம் கழிகிறது என்பது வாடிக்கையாளருக்கோ போட்டியாளருக்கோ தெரிவதை எந்த ஃபவுண்டரியும் விரும்பாது. அந்த எண் இல்லாமலே விடையைக் காட்ட வழி உண்டு. காலை ஷிஃப்ட்டின் காற்றுக்குழி விகிதத்தை 100 என்று வைத்தால் மதியத்தினது 211 ஆகிறது. 54-க்கும் 114-க்கும் உள்ள விகிதம் அது. வாசிப்பவருக்கு இரு மடங்குக்கு மேல் என்பது புரியும். உண்மைச் சதவீதம் வெளியே வராது. பாகத்தின் பெயருக்குப் பதில் "உறை அ" என்றும், நிறுவனத்தின் பெயருக்குப் பதில் "கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ள ஒரு ஃபவுண்டரி" என்றும் எழுதலாம்.

மறைப்பதற்கும் எல்லை உண்டு. எத்தனை உறை எண்ணப்பட்டன என்பதையும் மறைத்துவிட்டால், 211 என்ற எண்ணுக்கு எடை இருக்கிறதா என்று வெளித்தேர்வாளரால் தீர்மானிக்க முடியாது. ஆகவே விகிதத்தை மறைத்தாலும், "ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் 2500-க்கு மேல்" என்ற அளவிலாவது எண்ணிக்கையைச் சொல்ல நிறுவனத்திடம் சம்மதம் கேட்க வேண்டும். மணலின் வெப்பநிலை, ஈரம், இறுகும் அளவு ஆகியவை மாணவரே அளந்தவை. அவற்றை உள்ளபடி வெளியிடப் பெரும்பாலும் தடை இருக்காது. அச்சு கட்டுபவர், மில் இயக்குபவர் ஆகியோரின் பெயர்கள் லாக் ஷீட்டில் இருந்தால் அவற்றைக் குறிப்பெடுக்கும்போதே "ஆள் 1", "ஆள் 2" என்று மாற்றிவிட வேண்டும். ரிஜக்‌ஷன் பட்டியலில் ஒரு தொழிலாளியின் பெயர் வந்தால் அது அவருடைய வேலையைப் பாதிக்கக்கூடும்.

ஆலைக்குள் எடுத்த கைப்பேசிப் படம் தனிச் சிக்கல். மணல் மில்லைப் படமெடுக்கும்போது பின்னால் ஒரு வாடிக்கையாளரின் அச்சுப் பலகை விழுந்திருக்கும். படத்துக்குப் பதிலாகக் கோட்டுப்படம் வரைந்து போட்டால் அந்தக் கவலை இல்லை. விளக்கமும் தெளிவாக இருக்கும்.

நூலும் கண்டுபிடிப்பும் யாருடையவை

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணி ஒப்பந்தத்தின் கீழோ பயிற்சிப் பணியின் கீழோ வேலையின் பகுதியாக எழுதப்பட்டதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. இன்டர்ன்ஷிப்பின்போது நிறுவனத்துக்காக எழுதிய பணி முறைக் குறிப்பு இதில் சிக்கலாம். பிறகு கல்லூரிக்காக எழுதும் ப்ராஜெக்ட் நூல் வேறு. எனவே முன்னதை அப்படியே எடுத்து நூலில் சேர்க்காமல், புதிதாக எழுதுவது பாதுகாப்பு.

இந்தியாவில் தொழில் இரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், நம்பிக்கை மீறலுக்கு எதிராக நீதிமன்றங்கள் கொடுக்கும் நிவாரணமுமே காப்பு. அதனால் மாணவர் கையெழுத்திடும் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் வாசகத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும். "பயிற்சிக் காலத்தில் அறிந்த எதையும்" வெளியிடக் கூடாது என்று அதில் இருந்தால், அனுமதிக் கடிதத்தில் ப்ராஜெக்ட்டுக்கு விலக்கு உண்டு என்ற வரி தேவை.

வேலையின் நடுவே புதிய கருவி ஏதாவது உருவானால் வரிசை முக்கியம். திரும்பி வரும் மணலின் சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் தானே திருத்தும் அமைப்பை மாணவர்கள் வடிவமைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கருத்தரங்கில் விளக்கிவிட்டாலோ, நூலகத்தில் யாரும் படிக்கும்படி வைத்துவிட்டாலோ அதன் புதுமை போய்விடும். பிறகு காப்புரிமை கிடைப்பது கடினம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. விண்ணப்பம் யார் பெயரில் என்பதைக் கல்லூரியும் நிறுவனமும் மாணவர்களும் அதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அனுமதி கிடைக்காதபோது

நிறுவனம் மறுத்தால் அதன் எண்கள், வரைபடங்கள், படங்கள் எதையும் பயன்படுத்த முடியாது. ஆனால் சூடான மணல் ஈரத்தை இழக்கும் என்ற பொது அறிவு யாருக்கும் தனிச்சொத்து அன்று. கல்லூரியின் வார்ப்பு ஆய்வகத்தில் பென்டொனைட் களிமண்ணும் மணலும் கலந்து, அடுப்பில் 30, 40, 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, கலந்த உடனும் அரைமணி நேரம் கழித்தும் ஈரத்தையும் இறுகும் அளவையும் அளந்தால் கேள்வியின் பாதிக்கு விடை கிடைத்துவிடும். காற்றுக்குழியோடு உள்ள தொடர்பை மட்டும் அது சொல்லாது. நூலின் வரம்பு என்ற பகுதியில் அதை எழுதிவிட வேண்டும்.

சில நிறுவனங்கள் தகவலைப் பார்க்க விடும், சோதனை நடத்த விடாது. அப்போது பழைய பதிவேடுகளை ஹீட் எண்ணால் பொருத்தி அலசுவதே ப்ராஜெக்ட் ஆகும். மணல் பரிசோதனைப் பதிவேட்டில் வெப்பநிலை எழுதப்படாமல் இருந்தால், மாணவர் சில வாரம் தானே அளந்து சேர்க்க அனுமதி கேட்கலாம். எதையும் மாற்றாமல் அளக்க மட்டும் செய்வதால் அதற்கு நிறுவனங்கள் எளிதில் இசைகின்றன.

வைவாவில் கேட்கப்படுவது பெரும்பாலும் மூன்று விஷயங்கள். எது நிறுவனம் கொடுத்தது, எது மாணவர்கள் அளந்தது, மாற்றத்துக்கு மணல்தான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம். முதல் இரண்டுக்கும் விடையாக, நூலில் உள்ள ஒவ்வொரு அட்டவணையின் கீழும் "நிறுவனப் பதிவேட்டிலிருந்து, அனுமதியோடு" அல்லது "மாணவர்கள் அளந்தது" என்று ஒரு வரி போட்டுவிடலாம். மூன்றாவதற்கு ஹீட் வாரியாகப் பதிந்த ஊற்றும் வெப்பநிலை, கோரின் நிலை, ஆள் மாற்றம் ஆகிய பதிவுகள் விடை சொல்லும். தண்ணீரைத் திருத்தியும் காற்றுக்குழி குறையவில்லை என்று முடிவு வந்தாலும், எண்ணிக்கை போதுமானதாக இருந்தால் அதுவும் செல்லுபடியான முடிவுதான். மணலை விட்டுக் கோரைப் பார்க்க வேண்டும் என்பதை அது ஃபவுண்டரிக்குச் சொல்கிறது. நூலின் அனுமதி பெற்ற பிரதி ஒன்றை நிறுவனத்துக்குக் கொடுத்து, அசல் குறிப்புகளை ஒப்பந்தப்படி திருப்பித் தந்தோ அழித்தோ விட்டால் ப்ராஜெக்ட் வேலை முறையாக முடிந்ததாகும்.